விடுவிப்புக் கடிதத்தில் இருந்த இரண்டு தேதிகள்

பின்னணிச் சரிபார்ப்பு நிறுவனமொன்றில், வேலை அனுபவத்தைச் சரிபார்க்கும் பிரிவில் ஏழு ஆண்டுகள் பணியாற்றினேன். முதல் மூன்று ஆண்டுகள், விண்ணப்பதாரர்கள் முன்பு வேலை செய்த நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதிப் பதில் வாங்குவது என் வேலையாக இருந்தது. அதன்பிறகு, மற்றவர்கள் தயாரித்த அறிக்கைகளை அவை வெளியே போவதற்கு முன்னால் படித்து, நிறம் சரியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நிறம் என்று நாங்கள் சொன்னது மூன்று. படிவத்தில் எழுதியதும் பழைய நிறுவனம் சொன்னதும் ஒத்துப்போனால் பச்சை. சிறிய வேறுபாடு இருந்தாலோ, பதிலே கிடைக்காமல் போனாலோ மஞ்சள். பெரிய வேறுபாடு இருந்தால் சிவப்பு. நான் படித்த சிவப்பு அறிக்கைகளில் வேண்டுமென்றே சொல்லப்பட்ட பொய்களும் இருந்தன. ஆனால், தன் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே படிவத்தை நிரப்பியவர்களின் கோப்புகள் அவற்றைவிட அதிகமாக இருந்தன. அப்படிப்பட்ட ஒரு கோப்பைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன். சம்பந்தப்பட்டவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன், மற்றவை நடந்தபடியே.

முதலில், சரிபார்ப்பில் எவையெல்லாம் அடங்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடையாள ஆவணங்கள், முகவரி, படிப்பு, வேலை அனுபவம், நீதிமன்ற மற்றும் குற்றப் பதிவுகள், முன்னாள் மேலாளர்களின் கருத்து ஆகியவை பொதுவானவை. பணத்தைக் கையாளும் பதவியாக இருந்தால் கடன் வரலாறும், சில துறைகளில் போதைப்பொருள் பரிசோதனையும், தடைப்பட்டியல்களில் பெயர் இருக்கிறதா என்ற தேடலும் சேரும். இவை எல்லாமே எல்லோருக்கும் செய்யப்படுவதில்லை. வேலை கொடுக்கும் நிறுவனம் எந்தெந்தச் சோதனைகளுக்குப் பணம் கட்டியிருக்கிறதோ, உள்ளூர்ச் சட்டம் எவற்றை அனுமதிக்கிறதோ, அவை மட்டுமே நடக்கும். படிப்பைப் பொறுத்தவரை பல்கலைக்கழகப் பதிவேட்டில் பெயர், பட்டம், ஆண்டு இருக்கின்றனவா என்ற கேள்வியோடு பெரும்பாலும் முடிந்துவிடும். வேலை அனுபவம் அப்படி முடியாது. ஒரே மனிதரின் ஒரே வேலையைப் பற்றி நான்கு வெவ்வேறு பதிவேடுகள் நான்கு விதமாகச் சொல்லக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

அந்தக் கோப்புக்கு உரியவர் ஒரு பெண். பணிநியமனக் கடிதம் கைக்கு வந்துவிட்டது; சரிபார்ப்பு முடிந்த பிறகே சேர வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தது. எங்கள் இணையப் படிவத்தில், தன் முதல் வேலையை 2017 ஜூன் 5 முதல் 2021 மார்ச் 31 வரை என்றும், பதவியை டீம் லீட் என்றும் நிரப்பியிருந்தார். அதற்கடுத்த வேலையில் சேர்ந்த தேதி 2021 மார்ச் 22 என்று எழுதியிருந்தார். இந்த இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு சிக்கல் கண்ணில் படும். படிவத்தை அனுப்பும்போது அவருக்கு அது படவில்லை.

வேலை அனுபவத்தைச் சரிபார்ப்பது எப்படி நடக்கிறது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். விண்ணப்பதாரர் கொடுக்கும் தொலைபேசி எண்ணை நாங்கள் நேரடியாகப் பயன்படுத்தமாட்டோம். அந்த நிறுவனத்தின் மனிதவளத் துறை இத்தகைய கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கென்று வைத்திருக்கும் மின்னஞ்சல் முகவரியை நாங்களாகவே தேடி எடுப்போம். ஏற்கெனவே பலமுறை பதில் வந்த முகவரிகளின் பட்டியலும் எங்களிடம் இருந்தது. விண்ணப்பதாரர் கொடுத்த எண்ணில் ஒரு நண்பர் எடுத்துப் பேசி, மேலாளர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட கோப்புகளைப் பார்த்த பிறகு ஏற்பட்ட ஒழுங்கு இது. கேள்வியோடு விண்ணப்பதாரர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதமும் போகும். அது இல்லாவிட்டால் பல நிறுவனங்கள் வாயே திறக்காது. பணியாளர் எண், சேர்ந்த தேதி, கடைசி வேலைநாள், விலகும்போது இருந்த பதவி, விலகிய காரணம், பாக்கி ஏதும் உண்டா, மீண்டும் வேலைக்கு எடுப்பீர்களா என்று கேட்போம். சில நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும். பல நிறுவனங்கள், குறிப்பாகப் பெரியவை, தேதிகளையும் பதவியையும் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். எனவே, ஒரு மனிதர் அங்கே எவ்வளவு திறமையாக வேலை செய்தார் என்பது எங்கள் மேசைக்குப் பெரும்பாலும் வருவதே இல்லை. வந்து சேர்வது இரண்டு தேதிகளும் ஒரு பெயரும்தான். முழு எடையும் அவற்றின்மீதே விழுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதில் சொல்பவர் விண்ணப்பதாரரை நேரில் கண்டிருக்கவே மாட்டார். அவர் சம்பளப் பட்டியலை வைத்திருக்கும் மென்பொருளைத் திறந்து, பணியாளர் எண்ணைத் தட்டி, திரையில் தெரிவதை அப்படியே எழுதி அனுப்புவார். அந்தப் பதிலைச் சொல் மாற்றாமல் அறிக்கையில் பதிவு செய்ய வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லித் தரப்பட்ட முதல் விதி.

அந்தப் பெண்ணின் பழைய நிறுவனத்திலிருந்து மூன்றாம் நாளே பதில் வந்தது. சேர்ந்த தேதி 2017 டிசம்பர் 1. கடைசி வேலைநாள் 2021 மார்ச் 12. பதவி சீனியர் அனலிஸ்ட். படிவத்தோடு ஒப்பிட்டால் தொடக்கத்தில் 179 நாள் வேறுபாடு, முடிவில் 19 நாள் வேறுபாடு, பதவிப் பெயரில் ஒரு வேறுபாடு. சரிபார்ப்பாளர் சிவப்பு கொடுத்து என்னிடம் அனுப்பினார். விதிப்படி அது சரி. அவரை வேலைக்கு எடுக்கவிருந்த நிறுவனம்தான் எங்கள் வாடிக்கையாளர்; அது எங்களோடு செய்திருந்த ஒப்பந்தத்தில், 30 நாளுக்கு உட்பட்ட வேறுபாடு சிறியது, அதற்கு மேற்பட்டது பெரியது என்று எழுதப்பட்டிருந்தது. இந்த எல்லை எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றாக இருக்காது. ஒரு வாரத்துக்கு மேல் பொறுக்காத வாடிக்கையாளர்களும் இருந்தார்கள்; மூன்று மாதம் வரை விட்டுக்கொடுத்தவர்களும் இருந்தார்கள். விண்ணப்பதாரருக்கு அந்த எண் ஒருபோதும் தெரிவிக்கப்படுவதில்லை. எனவே ‘ஒரு மாதம் முன்பின் இருந்தால் பரவாயில்லை’ என்று நண்பர் சொன்னதை நம்பி யாரும் படிவத்தை நிரப்பக் கூடாது.

அறிக்கையை அனுப்புவதற்கு முன் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று வாடிக்கையாளரிடம் அனுமதி கேட்டேன், கிடைத்தது. வேறுபாடுகள் மூன்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் விளக்கமும் ஆவணமும் கேட்டு அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபம் இருந்தது. அதற்கு அடியில் பயமும் இருந்தது.

“சார், நான் அந்த ஆபீஸ்ல ஜூன் மாசத்துலேருந்து உட்கார்ந்து வேலை பார்த்திருக்கேன். முதல் நாள் கொடுத்த அடையாள அட்டைகூட இன்னும் என்கிட்ட இருக்கு. டிசம்பர்லதான் சேர்ந்தேன்னு அவங்க எப்படிச் சொல்லலாம்?”

“முதல் ஆறு மாசம் உங்க வங்கிக் கணக்குல சம்பளம் போட்டது யார் மேடம்? அந்த வரியில என்ன பேர் இருக்குன்னு பார்த்துச் சொல்றீங்களா?”

சிறிது நேரம் பேச்சில்லை. கணினியில் தேடும் சத்தம் கேட்டது. பிறகு அவர் வாசித்த பெயர், ஆட்களை ஒப்பந்த அடிப்படையில் அனுப்பும் ஓர் ஏஜென்சியின் பெயர்.

நான் பார்த்த பெரிய தேதி வேறுபாடுகளில் திரும்பத் திரும்ப வந்த காரணம் இதுதான். ஒருவர் ஒரே கட்டடத்தில், ஒரே மேசையில், ஒரே மேலாளரின் கீழ் வேலை செய்கிறார். முதல் ஆறு மாதமோ ஓராண்டோ அவருடைய சட்டப்படியான முதலாளி ஏஜென்சிதான். பிறகு அந்த நிறுவனம் அவரைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. அவருடைய நினைவில் அந்த வேலை தொடங்கிய நாள் ஒன்றே. நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலோ அவர் ஆறு மாதம் கழித்துத்தான் பிறக்கிறார். மனிதவளத் துறையில் இருப்பவரைக் கேட்டால், ஜூன் மாதத்தில் இந்தப் பெயரில் எங்களிடம் யாருமே இல்லை என்பார். அதில் பொய் இல்லை. தேதிகள் இப்படிப் பிசகும் வேறு வழிகளும் உண்டு. பயிற்சிக் காலத்தைச் சில நிறுவனங்கள் பணிக்காலத்தில் சேர்க்கும், சில சேர்க்காது. ஒரு நிறுவனத்தை இன்னொன்று வாங்கும்போது, பழைய பணியாளர்களுக்குக் கைமாறிய நாளையே சேர்ந்த நாளாகப் புதிய மென்பொருளில் ஏற்றிவிடுவதும் நடக்கும். அப்போது பத்தாண்டு வேலை செய்தவர் மூன்றாண்டு வேலை செய்தவராகத் தெரிவார்.

இதற்கு மருந்து ஒன்றுதான்: சம்பளம் போட்டவர் யாரோ அவர் பெயரைத் தனி வரியாக எழுதுவது. ஏஜென்சியின் பெயரில் 2017 ஜூன் 5 முதல் நவம்பர் 30 வரை. வேலை செய்த இடமாக அந்த நிறுவனம். அதற்கடுத்த வரியில் அதே நிறுவனத்தின் பெயரில் டிசம்பர் 1 முதல். அவர் ஏஜென்சியின் பணிநியமனக் கடிதத்தையும், அந்த ஆறு மாதத்துக்கான வங்கிக் கணக்குப் பட்டியலையும் அனுப்பினார். நாங்கள் ஏஜென்சிக்குத் தனியாக எழுதிக் கேட்டோம். நவம்பர் 30 என்று பதில் வந்தது. 179 நாள் வேறுபாடு அப்படியே கரைந்தது. இரண்டு வேலைகளுக்கும் நடுவே ஒரு நாள்கூட இடைவெளி இல்லை.

இரண்டாவது வேறுபாடு 19 நாள்தான். ஒப்பந்தத்தின் எல்லைக்குள் அடங்குவது. ஆனால், உண்மையில் என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான். அவர் எழுதியபடி பார்த்தால், முதல் வேலை மார்ச் 31 வரை நீடிக்கிறது. இரண்டாவது வேலை மார்ச் 22-இல் தொடங்குகிறது. அதாவது, மார்ச் 22 முதல் 31 வரை பத்து நாள், இரண்டு முதலாளிகளிடம் ஒரே நேரத்தில் வேலை செய்ததாக அவரே கையெழுத்திட்டுச் சொல்லியிருக்கிறார். அறிக்கையைப் படிக்கும் வாடிக்கையாளருக்கு ஒரு மாத வேறுபாட்டைவிட இந்தப் பத்து நாள் பெரிதாகத் தெரியும்; இரட்டை வேலை என்ற சந்தேகம் ஒருமுறை எழுந்துவிட்டால், மற்ற வரிகளையும் அந்தக் கண்ணாடி வழியாகவே படிப்பார்கள். தேதி வேறுபாட்டை நாள் கணக்கில் மட்டும் அளப்பது போதாது. அந்த வேறுபாடு எதை மறைக்கிறது, அல்லது எதன்மேல் ஏறி நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு மாத இடைவெளியை மூடுவதற்காக நீட்டப்பட்ட தேதியும், தவறுதலாக நீண்ட தேதியும் படிவத்தில் ஒன்றுபோலவே இருக்கும்.

விடுவிப்புக் கடிதத்தை அனுப்பச் சொன்னேன். ஒரே பக்கம். வலது மேல் மூலையில் 2021 மார்ச் 31 என்று தேதி போட்டிருந்தது. உள்ளே மூன்றாவது வரியில், 2021 மார்ச் 12 அலுவலக நேரம் முடிந்ததும் தாங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டீர்கள் என்று இருந்தது. மூலையில் இருந்தது கடிதம் எழுதப்பட்ட தேதி. கணக்கு வழக்கெல்லாம் தீர்ந்த பிறகு கடிதம் கொடுப்பது அந்த நிறுவனத்தின் வழக்கம். படிவத்தை நிரப்பும்போது அவர் கடிதத்தைத் திறந்து, கண்ணில் முதலில் பட்ட தேதியை எடுத்து எழுதியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. மார்ச் 12 வெள்ளிக்கிழமை. மார்ச் 22 திங்கள்கிழமை. நடுவில் ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டுப் புதிய வேலையில் சேர்ந்திருக்கிறார். சரியான தேதியை எழுதியிருந்தால் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

முடிவுத் தேதி என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் குறைந்தது நான்கு தேதிகள் இருக்கின்றன: ராஜினாமா கொடுத்த நாள், கடைசியாக வேலைக்கு வந்த நாள், பதிவேட்டில் விடுவிக்கப்பட்ட நாள், கடிதம் எழுதப்பட்ட நாள். மீதமிருந்த விடுப்பை நோட்டீஸ் காலத்தில் கழித்தவருக்கு இரண்டாவதும் மூன்றாவதும் பல வாரம் தள்ளி நிற்கும். ஓய்வூதிய அல்லது வரிப் பதிவுகளில் ஐந்தாவதாக ஒரு தேதியும் சேரலாம். இந்தியாவில் வருங்கால வைப்புநிதி அமைப்பின் இணையதளத்தில், ஒருவருடைய கணக்கில் ஒவ்வொரு முதலாளியிடமும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் வரிசையாகத் தெரியும்; பழைய முதலாளி விலகிய தேதியைப் பதியாமலே விட்டுவிட்டாலோ தவறாகப் பதிந்துவிட்டாலோ, அங்கேயும் இரண்டு வேலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். படிவம் கேட்பது விடுவிக்கப்பட்ட நாளை. விடுவிப்புக் கடிதத்தின் உள்வரியில் இருக்கும் நாளை. நாளைக் கேட்காமல் மாதத்தை மட்டும் கேட்கும் படிவங்களில் சிக்கல் குறைவு. நாளையும் கேட்கும் படிவத்தில், நினைவில்லாதவர்கள் ஒன்றாம் தேதி என்றோ மாதக் கடைசி என்றோ போட்டுவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் செலவழித்துக் கடிதத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் தேதி அது.

மூன்றாவது வேறுபாடு பதவிப் பெயர். இதுதான் கடைசிவரை முழுமையாகத் தீராதது.

பெரிய நிறுவனங்களில் ஒருவருக்குக் குறைந்தது இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று, சம்பள நிலையோடு இணைந்த பெயர். மனிதவள மென்பொருளில் இருப்பது அது. மற்றொன்று, அன்றாடம் கூப்பிடும் பெயர். மின்னஞ்சலின் அடியில், வாடிக்கையாளருக்கு அனுப்பும் அறிமுகத்தில், குழுவின் வரைபடத்தில் இருப்பது அது. அந்தப் பெண் கடைசி இரண்டு ஆண்டுகள் ஆறு பேர் கொண்ட குழுவை நடத்தியிருக்கிறார். எல்லோரும் அவரை டீம் லீட் என்றே அழைத்திருக்கிறார்கள். ஆனால் சம்பள நிலையில் அவர் சீனியர் அனலிஸ்டாகச் சேர்ந்து, சீனியர் அனலிஸ்டாகவே விலகியிருக்கிறார். பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் பதவி உயர்வைக் கொடுக்காமல் இருப்பது நிறுவனங்களுக்கு எளிது. அதன் விலை இப்படி ஒரு சரிபார்ப்பு நாளில் பணியாளரின் தலையில் விழுகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

பதவி வேறுபாட்டை எடை போடும்போது நாங்கள் பார்த்தது ஒரே கேள்வியைத்தான்: படிவத்தில் எழுதிய பெயர், பதிவேட்டில் உள்ள பெயரைவிட உயர்ந்த இடத்தைக் காட்டுகிறதா? சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்பதற்குப் பதில் டெவலப்பர் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பச்சையாகவே போகும். இரண்டும் ஒரே படி. அனலிஸ்ட் என்பதற்குப் பதில் மேலாளர் என்று எழுதியிருந்தால் அது படியைத் தாண்டுவது. புதிய நிறுவனம் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் சம்பளத்தைத் தீர்மானித்திருக்கும் என்பதால், அது பணத்தோடும் சேர்ந்த கேள்வியாகிவிடுகிறது. டீம் லீட் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றது.

அவருடைய பழைய மேலாளர் ஒருவர், அவர் குழுவை நடத்தியது உண்மை என்று எழுதிக் கொடுக்கத் தயாராக இருந்தார். அந்தக் கடிதம் உதவும். ஆனால் பதிவேட்டை மாற்றாது. மேலாளர் தன் சொந்த நினைவைச் சொல்கிறார். மனிதவளத் துறை நிறுவனத்தின் சார்பாகச் சொல்கிறது. இரண்டும் முரண்பட்டால் அறிக்கையில் மனிதவளத் துறையின் சொல்லே முதலில் நிற்கும், மேலாளரின் கடிதம் கூடுதல் குறிப்பாகச் சேரும். அதைவிட வலுவான ஒரு தாளை அவரே தேடி எடுத்தார். 2019-ஆம் ஆண்டின் சம்பள உயர்வுக் கடிதம். நிறுவனத்தின் தாளில், மனிதவளத் துறையின் கையெழுத்தோடு வந்தது. அதில் பதவி சீனியர் அனலிஸ்ட் என்றும், அடுத்த வரியில் பொறுப்பு டீம் லீட் என்றும் இருந்தது. பழைய கடிதங்களை எல்லாம் ஒரே கோப்புறையில் போட்டு வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்ததால்தான் அது கிடைத்தது. வேலையை விட்ட நாளிலேயே அலுவலக மின்னஞ்சல் மூடப்பட்டுவிடும் என்பதால், இப்படிப்பட்ட கடிதங்களைச் சொந்தக் கணினியில் முன்பே சேமித்து வைக்காதவர்கள் எத்தனையோ பேர் என்னிடம் வெறுங்கையோடு நின்றிருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் சிலர் மீள முடியாத தவறு ஒன்றைச் செய்கிறார்கள். வேறுபாடு வந்துவிட்டது என்று தெரிந்ததும், கடிதத்தில் தேதியையோ பதவியையோ தாங்களே திருத்தி அனுப்புகிறார்கள். அந்த ஏழு ஆண்டுகளில் அப்படித் திருத்திய கடிதங்களை நான் கையில் பிடித்திருக்கிறேன். ஒன்றில், 2016-ஆம் ஆண்டின் தேதியிட்ட கடிதத்தில், அந்த நிறுவனம் அதற்குப் பிறகு மாற்றிக்கொண்ட புதிய இலச்சினை இருந்தது. இன்னொன்றில், கையெழுத்துப் போட்டிருந்த அதிகாரி அந்தத் தேதிக்குப் பிறகுதான் அந்த நிறுவனத்திலேயே சேர்ந்திருந்தார். திருத்திய எண் மட்டும் பக்கத்தில் உள்ள எழுத்துகளைவிடச் சற்றுத் தடித்து நிற்பதும் உண்டு. இவற்றையெல்லாம் கண்டுபிடிக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. கடிதத்தின் நகலை அந்த நிறுவனத்துக்கே அனுப்பி, இது உங்களுடையதா என்று கேட்பது வழக்கமான ஒரு படிதான். அதன்பிறகு தேதி வேறுபாடு என்ற தலைப்பே மாறிவிடும். அறிக்கையில் போலி ஆவணம் என்று எழுத வேண்டியிருக்கும். தேதி வேறுபாட்டுக்கு விளக்கம் கேட்கும் நிறுவனங்கள்கூடப் போலி ஆவணத்துக்கு விளக்கம் கேட்பதில்லை. வேலையில் சேர்ந்த பிறகு தெரியவந்தாலும், பணிநியமனக் கடிதத்தில் இருக்கும் நிபந்தனையைக் காட்டி வெளியே அனுப்பிவிடுகிறார்கள். இருபது நாளை மறைக்கப் போய் வேலையையே இழந்தவர்களின் கோப்புகள் அவை. மூடும்போது மனம் கனக்கும்.

பதிவேடு சரி, மனிதர் தவறு என்று எப்போதும் எடுத்துக்கொள்ளவும் கூடாது. சரிபார்ப்பு நிறுவனங்களும் தவறு செய்யும். ஒரே பெயர் கொண்ட இரண்டு பணியாளர்களில் மற்றவருடைய விவரம் வந்துவிடும். நாளும் மாதமும் இடம் மாறிப் பதிவாகி, 3-ஆம் மாதம் 12-ஆம் நாள் என்பது 12-ஆம் மாதம் 3-ஆம் நாளாகிவிடும். ஒன்பது மாதம் வித்தியாசம் வந்த ஒரு கோப்பு, கடைசியில் இந்த இடமாற்றம் என்று தெரிந்தது. எனவே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் படிப்பது விண்ணப்பதாரர் செய்ய வேண்டிய முதல் வேலை. அமெரிக்காவில் 1970-இல் இயற்றப்பட்ட ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் ஆக்ட், இத்தகைய அறிக்கையை வைத்து ஒருவரை வேலைக்கு எடுக்க மறுப்பதற்கு முன்னரே, அறிக்கையின் நகலையும் அவருடைய உரிமைகளின் சுருக்கத்தையும் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. அறிக்கை தவறு என்று அவர் முறையிட்டால், சரிபார்ப்பு நிறுவனம் பொதுவாக 30 நாளுக்குள் மறுபடி விசாரிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதிகளின் 15-ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய தரவைக் கேட்டுப் பெறும் உரிமையையும், 16-ஆம் பிரிவு தவறானதைத் திருத்தச் சொல்லும் உரிமையையும் தருகின்றன. இப்படிச் சட்டம் வழி காட்டாத இடங்களில் சரிபார்ப்பு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்பது ஒன்றே வழி. மரியாதையாகக் கேட்டவர்களுக்கு நாங்கள் பெரும்பாலும் வாடிக்கையாளரின் அனுமதி பெற்று அனுப்பினோம்.

விளக்கக் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் முதலில் அனுப்பியது இரண்டு பக்கம். தான் எவ்வளவு நேர்மையானவர், அந்த நிறுவனத்துக்காக எத்தனை இரவுகள் விழித்திருந்தார், இந்த வேலை தன் குடும்பத்துக்கு எவ்வளவு முக்கியம் என்றெல்லாம் எழுதியிருந்தார். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் முடிவெடுப்பவர் அதில் தேதியைத் தேடுவார். திருத்தி எழுதச் சொன்னேன். இரண்டாவது கடிதம் ஒன்பது வரிகள். படிவத்தில் எழுதியது இது, பதிவேட்டில் இருப்பது இது, வேறுபாட்டின் காரணம் இது, இணைத்திருக்கும் ஆவணம் இது என்று ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் மூன்று வரிகள். விடுவிப்புத் தேதியைப் பற்றி, கடிதத்தின் தேதியை விடுவிப்புத் தேதி என்று தவறாக எடுத்து எழுதிவிட்டேன், தவறு என்னுடையது என்று ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொண்டிருந்தார். அந்த வாக்கியம், முதல் கடிதத்தின் இரண்டு பக்கங்களும் செய்யாததைச் செய்தது.

சரிபார்ப்பு நிறுவனம் யாரையும் நிராகரிப்பதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. நாங்கள் நிறத்தையும் ஆவணங்களையும் கொடுத்தோம். எடுப்பதா விடுவதா என்பதை வேலை கொடுக்கும் நிறுவனம் தீர்மானித்தது. மஞ்சள் வந்தவர்களில் பெரும்பாலோர் விளக்கம் கொடுத்துச் சேர்ந்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். சிவப்பு வந்தும், பழைய மேலாளரைத் தாங்களே அழைத்துப் பேசிவிட்டு எடுத்துக்கொண்ட நிறுவனங்களும் உண்டு. ஒரு வார வேறுபாட்டுக்காக வேண்டாம் என்று சொன்ன வங்கியும் உண்டு. பணிநியமனக் கடிதம் கையில் இருக்கிறது என்ற துணிச்சலில் இருக்கும் வேலையை ராஜினாமா செய்துவிட்டு, சரிபார்ப்பு நடுவில் சிக்கிக்கொண்டவர்களின் நிலை இதனால்தான் மோசமாகிறது. இருக்கும் வேலையில் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்னால், பழைய நிறுவனங்கள் ஒவ்வொன்றின் மனிதவளத் துறைக்கும் எழுதி, என்னைப் பற்றி யாராவது கேட்டால் எந்தத் தேதிகளையும் எந்தப் பதவியையும் சொல்வீர்கள் என்று கேட்டுவிடலாம். பெரும்பாலும் பதில் சொல்லுவார்கள். அந்தப் பதிலை அப்படியே படிவத்தில் எழுதினால் ஒப்பிடுவதற்கு வேறுபாடே இருக்காது. பதில் தவறாக இருந்தால், திருத்தச் சொல்வதற்கும் அப்போது நேரம் இருக்கும். படிவம் போன பிறகு திருத்தச் சொன்னால், சரிபார்ப்புக்காகப் பதிவேட்டை வளைக்கிறார் என்ற பேச்சு வரும்.

ஒன்பதாவது வேலைநாளில் அவருடைய திருத்திய அறிக்கை வெளியே போனது. ஏஜென்சி வேலைக்குப் பச்சை. முதல் நிறுவனத்தின் தேதிகளுக்கு மஞ்சள். படிவத்தில் எழுதியது அப்படியே இருக்க, திருத்தமும் விளக்கமும் கீழே சேர்க்கப்பட்டன, ஏனென்றால் கையெழுத்திட்ட படிவத்தை யாருக்காகவும் நாங்கள் மாற்றமாட்டோம். பதவிக்கும் மஞ்சள், சீனியர் அனலிஸ்ட் என்று மனிதவளத் துறை சொன்னது முதல் வரியிலும், 2019-ஆம் ஆண்டுக் கடிதத்தில் டீம் லீட் பொறுப்பு குறிப்பிடப்பட்டிருப்பது அடுத்த வரியிலும் இருந்தன. வாடிக்கையாளர் நிறுவனம் அவரிடம் தொலைபேசியில் பத்து நிமிடம் பேசிவிட்டு, சேரும் தேதியை ஒரு வாரம் தள்ளி வைத்து எடுத்துக்கொண்டது. சில நாள் கழித்துத் தன் தற்குறிப்பை எப்படி மாற்றுவது என்று கேட்டு எழுதினார். பதவியின் இடத்தில் ‘சீனியர் அனலிஸ்ட், பொறுப்பு: டீம் லீட், ஆறு பேர் குழு’ என்று எழுதச் சொன்னேன். ஜூன் மாதத்தை மட்டும் விட மனமில்லை என்றார். விட வேண்டாம், ஏஜென்சியின் பெயரோடு தனி வரியாக மேலே வையுங்கள், அந்த ஆறு மாதமும் நீங்கள் வேலை செய்ததுதான் என்று பதில் எழுதினேன்.